முதலில் செருப்பு, பிறகு சேலை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு புல்வெளி ரிசப்ஷன். என் அக்கா மகள் மூன்று அங்குல பென்சில் ஹீல்ஸ் போட்டு, அந்த உயரத்துக்குத் தரையைத் தொடும்படி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கார் நிறுத்திய இடத்திலிருந்து பத்தடி வைப்பதற்குள் குதிகால் மண்ணில் புதைந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள். உடனே சேலை மூன்று அங்குலம் நீளமாகி, ஈரப்புல்லில் இழுபட ஆரம்பித்தது.

பென்சில் ஹீலின் நுனி ஒரு சதுர சென்டிமீட்டர்தான் இருக்கும். நடக்கையில் உடம்பின் பாரம் முழுவதும் நொடிநேரம் அதன்மேல் இறங்குகிறது. தண்ணீர் விட்டு வளர்த்த புல்தரை அதைத் தாங்காது. பக்கத்துக்கு நாலு சென்டிமீட்டர் உள்ள சதுர பிளாக் ஹீல் என்றால், அதே பாரம் பதினாறு மடங்கு பரப்பில் பரவும், குதிகால் புதையாது. முழு அடியும் தட்டையான வெட்ஜஸும் புதையாது. ஆனால் மேடுபள்ளத்தில் அது உயரமாக இருந்தால் கணுக்கால் பிசகும். இரண்டு அங்குலத்துக்குள், பின்வார் உள்ளதாகப் பாருங்கள். வழவழப்பான தோல் அடி ஈரப்புல்லில் வழுக்கும் என்பதை ஆண்களும் கவனிக்க வேண்டும்.

செருப்பு முடிவானதும் அதைப் போட்டுக்கொண்டே சேலையைக் கட்டுங்கள். மண்டபத்துக்குத் தரையைத் தொடுவது அழகு. புல்வெளிக்கு ஓர் அங்குலம் தூக்கி, கால்விரல் தெரியும்படி கொசுவம் வையுங்கள். அதிலும் பின்பக்க ஓரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நடக்கும்போது அதுதான் முதலில் மிதிபடும். இருட்டியதும் பனி இறங்கினால் புல் நனையும். ஓரத்தின் உள்ளே தைத்த ஃபால்ஸ் அந்த ஈரத்தை உறிஞ்சும். துவைக்காமல் தைத்த பருத்தி ஃபால்ஸ் என்றால் நனைந்து சுருங்கி, சேலை ஓரத்தையும் சுருக்கிவிடும். அதனால் ஃபால்ஸைத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே தைக்கக் கொடுங்கள். லெஹங்காவை அங்கே போய் ஏற்றிக் கட்டுவது கடினம். தைக்கக் கொடுக்கும் நாளிலேயே அந்தச் செருப்போடு நின்று அளவு கொடுங்கள்.

அன்று அக்கா மகளை ஓர் அறைக்கு அழைத்துப்போய், இடுப்பில் பாவாடையோடு சேர்த்துச் சேலையை இரண்டு சுற்று உள்பக்கமாகச் சுருட்டினோம். ஓரம் மேலே ஏறியது. கொசுவத்தில் மட்டும் ஊக்கை மாற்றிக் குத்தினோம். பையில் வைத்திருந்த தட்டைச் செருப்பைக் கொடுத்தேன். அதன் பிறகு அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஓரத்தில் ஒட்டிய சேற்றை அங்கேயே ஈரத்துணியால் தேய்க்க வேண்டாம், இழைக்குள் இறங்கிவிடும். வீட்டில் நிழலில் காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பச்சைக் கறை இருந்தால் டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கும்போது அந்த இடத்தைக் காட்டி, புல் கறை என்று சொல்லிக் கொடுங்கள்.