பன்னிரண்டு சீட்டு, பன்னிரண்டு வரி

குரங்கணி மலைச்சரிவில் விளையும் ஏலக்காய் மூட்டையாகிப் போடிநாயக்கனூருக்கு இறங்குகிறது. போடியில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் விலை கணினித் திரையில் ஏறும். அங்கே கூட்டலைக் கணினியே பார்த்துக்கொள்ளும். ஐந்து கிலோ, எட்டு கிலோ என்று பையில் கொண்டுவரும் சிறு விவசாயியின் கணக்கு அப்படியல்ல. கடையில் எடை போட்டு, சீட்டு எழுதி, கையில் ரொக்கம் கொடுத்தால் வியாபாரம் முடிந்தது. சாயங்காலம் அந்தச் சீட்டுகளையெல்லாம் கூட்ட வேண்டும். அச்சடிக்கும் கால்குலேட்டருக்கு அப்போதுதான் வேலை வரும்.

சாதாரண கால்குலேட்டரில் கடைசி விடை மட்டும் தெரியும். அச்சடிக்கும் கால்குலேட்டரோ ஒவ்வொரு தொகையையும் சுருள் தாளில் வரிவரியாக விட்டுச் செல்கிறது. இந்தத் தேவையை முதலில் தீர்த்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வேலை பார்த்த முன்னாள் வங்கி எழுத்தர் வில்லியம் பர்ரோஸ். கூட்டல் இயந்திரத்துக்கு 1888-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. கூட்டியவரே திரும்பிப் பார்த்துத் தன் தவறைக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் அச்சிட்ட தாளின் பயன். அதற்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

ஒரு நாள் கணக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காலையில் பெட்டியில் 2,00,000 ரூபாய் இருந்தது. மாலையில் எண்ணினால் 73,955. ஆக, வெளியே போனது 1,26,045. சீட்டுகள் பன்னிரண்டு: 8,450, 12,300, 6,720, 15,960, 9,180, 11,475, 7,340, 18,250, 5,865, 13,600, 6,720, 10,185. சரியாகக் கூட்டினால் இதே 1,26,045 வர வேண்டும்.

முதல் தடவை கூட்டும்போது தாளில் 1,37,520 என்று வருகிறது. 11,475 ரூபாய் அதிகம். ஒன்பதால் வகுத்துப் பார்க்கும் பழைய உத்தி பலருக்கு உடனே நினைவுக்கு வரும். 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றி அழுத்தினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 11,475-உம் வகுபடுகிறது. அதை நம்பி, இலக்கம் மாறிய வரியைத் தேடிப் போனால் இரவுதான் ஆகும். வித்தியாசத் தொகை அப்படியே ஏதாவது ஒரு சீட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆறாவது சீட்டு 11,475. தாளில் அந்த எண் அடுத்தடுத்து இரண்டு வரிகளில் நிற்கிறது.

இப்படி ஏன் நடக்கிறது? இந்த வகை இயந்திரத்தில் தொகையை அழுத்திய பின் கூட்டல் பட்டனைத் தட்ட வேண்டும். மறுபடி தட்டினால் அதே தொகையை இன்னொரு முறை கூட்டி, இன்னொரு வரியும் அச்சடிக்கும். ஒரே தொகை திரும்பத் திரும்ப வரும் கணக்குக்கு அது வசதி. விரல் தடுமாறி இரண்டு முறை பட்டாலோ அதுவே வினை. உருப்படி எண்ணிக்கையை அச்சடிக்கும் இயந்திரமானால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும்: சீட்டு பன்னிரண்டு, தாளில் பதின்மூன்று.

சீட்டு விடுபட்டால் இதற்கு நேர் எதிர். தொகை குறையும், எண்ணிக்கை பதினொன்றாகும், குறைந்த தொகை அப்படியே ஒரு சீட்டில் இருக்கும். இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரளும்போது பெரும்பாலும் இது நேர்கிறது.

சிக்கலான வகை இனிமேல்தான். இன்னொரு முறை கூட்டியபோது தாள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்:

```
 8,450 +
12,300 +
 6,720 +
15,960 +
11,475 +
 7,340 +
 7,340 +
18,250 +
 5,865 +
13,600 +
 6,720 +
10,185 +
   012
1,24,205 *
```

நட்சத்திரக் குறி மொத்தத்தைக் காட்டுகிறது. சீட்டு பன்னிரண்டு, வரியும் பன்னிரண்டு. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் கணக்கு சரி என்றே தோன்றும். ஆனால் 1,840 ரூபாய் குறைகிறது. அந்தத் தொகையில் சீட்டே இல்லை. கூட்ட வேண்டியதைக் கழித்திருந்தால் வித்தியாசம் அந்தச் சீட்டைப் போல இரண்டு மடங்காகும். பாதியாக்கிப் பார்த்தால் 920, அதுவும் இல்லை. ஒன்பதாலும் வகுபடவில்லை, எனவே இலக்க மாற்றமும் அல்ல.

எண்ணிக்கை பொருந்தி, தொகை மட்டும் பொருந்தாவிட்டால், ஒன்று விடுபட்டு இன்னொன்று இரண்டு முறை ஏறியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது நம் கையில் இருக்கும் வித்தியாசம் அந்த இரண்டு சீட்டுகளுக்கும் இடையிலான வித்தியாசம். ஒவ்வொரு சீட்டோடும் 1,840-ஐக் கூட்டி, கிடைக்கும் தொகையில் வேறு சீட்டு இருக்கிறதா என்று பார்த்தால் ஒரே ஒரு ஜோடிதான் அகப்படுகிறது: 7,340-உம் 9,180-உம். மொத்தம் குறைந்திருப்பதால் விடுபட்டது பெரியது, இரட்டித்தது சிறியது. தாளைப் பார்த்தால் 15,960-க்கு அடுத்து 9,180 இல்லை. 7,340 இரண்டு வரியில் இருக்கிறது.

இரண்டு முறை வரும் எண்ணெல்லாம் தவறு என்றும் எண்ணிவிடக் கூடாது. இதே தாளில் 6,720-உம் இரண்டு முறை இருக்கிறது. அவை உண்மையிலேயே இரண்டு பேர் கொண்டுவந்த இரண்டு சீட்டுகள். கண்ணில் பட்டவுடன் ஒன்றைக் கழித்தால், ஒரு விவசாயிக்குக் கொடுத்த பணம் கணக்கிலிருந்து மறைந்துபோகும். வரியை நீக்கும் முன் அதற்குச் சீட்டு உண்டா என்று பார்க்க வேண்டும்.

அதனால்தான் டிக் அடிப்பதை இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஒருவர் சீட்டைப் படிக்க, மற்றவர் தாளில் அந்த வரியைக் கண்டு டிக் அடிக்கிறார். படித்த சீட்டிலும் டிக் விழுகிறது. சீட்டில் மட்டும் டிக் அடித்துக்கொண்டு போனால், எல்லாச் சீட்டும் தாளில் இருப்பது தெரியும். கூடுதலாக ஏறிய வரி தப்பிவிடும். தாளில் மட்டும் அடித்தால், ஒரு டிக்கும் இல்லாமல் கிடக்கும் சீட்டு தெரியாது. இரண்டிலும் அடித்தால் டிக் இல்லாத வரி இரட்டிப்பு, டிக் இல்லாத சீட்டு விடுபாடு.

எல்லா வரிக்கும் டிக் விழுந்த பிறகும் தொகை ஒத்துப்போகவில்லை என்றால், தாளின் உச்சியைப் பார்க்க வேண்டும். பழைய கணக்கை அழித்ததற்கான ‘C’ குறி அங்கே இல்லாவிட்டால், முந்தைய கூட்டலின் மீதி இதில் கலந்திருக்கலாம். இதையெல்லாம் பார்த்த பின்னும் தாள் சொல்ல முடியாத ஒன்று உண்டு. எழுதப்படாத சீட்டையும், தொலைந்துபோன சீட்டையும் தாள் காட்டாது. சீட்டும் தாளும் ஒத்துப்போய், பெட்டியில் மட்டும் பணம் குறைந்தால், தேட வேண்டிய இடம் தாள் அல்ல. பணத்தை இன்னொரு முறை எண்ணிவிட்டு, யாருக்குச் சீட்டில்லாமல் கொடுத்தோம் என்று யோசிக்க வேண்டும்.

தவறு அகப்பட்டதும் முதலிலிருந்து கூட்ட வேண்டியதில்லை. மறுபடி கூட்டினால் புதிய தவறு நுழையலாம். மொத்தமான 1,24,205-ஐக் கூட்டி, 7,340-ஐக் கழித்து, 9,180-ஐச் சேர்த்தால் 1,26,045 வந்துவிடும். இரண்டு நிற மை உள்ள இயந்திரத்தில் கழித்த வரி சிவப்பில் தெரியும். அதன் பக்கத்தில் ‘ஏழாவது சீட்டு இரண்டு முறை, ஐந்தாவது சீட்டு விட்டது’ என்று பென்சிலால் எழுதி, தாளைச் சீட்டுக் கட்டோடு பின் அடித்து வைக்க வேண்டும். கழிக்கும் வரியைச் சில இயந்திரங்கள் உருப்படியாகக் கூட்டி எண்ணும், சில குறைத்து எண்ணும். அதனால் திருத்திய பின் அச்சாகும் எண்ணிக்கையைச் சீட்டுகளோடு ஒப்பிட வேண்டாம்.

இந்தத் தவறு பெரும்பாலும் வேலை நடுவே அறுபடும்போது வருகிறது. போன் அடிக்கும், வாசலில் ஜீப் வந்து நிற்கும். எழுந்து போய்த் திரும்பியவர் எந்தச் சீட்டில் விட்டோம் என்று யோசிக்கிறார். கையில் இருக்கும் சீட்டைப் பார்த்தால் அது அடித்ததா, அடிக்க வேண்டியதா என்று தெரியாது. தாளின் கடைசி வரியைப் படித்து, அந்தத் தொகையுள்ள சீட்டைத் தேடி எடுத்து, அதற்கு அடுத்ததிலிருந்து அவர் தொடங்கினால் போதும்.