கம்பு மாவு கசப்பது ஏன்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சிறுதானிய மாவுப் பொட்டலங்கள் இப்போது வரிசையாகத் தொங்குகின்றன. கேழ்வரகை இங்கே 'கூவரகு' என்றும் 'பஞ்ஞப்புல்' என்றும் கேட்டு வாங்கலாம். ஆனால் கேழ்வரகு மாவையும் கம்பு மாவையும் ஒன்றுபோல் எண்ணி, மாதத்திற்குச் சேர்த்து வாங்குவது நஷ்டத்தில் முடியும்.

கேழ்வரகில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். கம்பில் ஏறத்தாழ 5 பங்கு. இந்தக் கொழுப்பில் பெரும்பகுதி தானியத்தின் முளைப்பகுதியில் உள்ளது. தானியம் முழுதாக இருக்கும்வரை கெடுதல் இல்லை. அரைத்ததும் தானியத்திலுள்ள நொதிப்பொருள் கொழுப்போடு கலந்து அதைச் சிதைக்கத் தொடங்குகிறது. அதனால்தான் கேழ்வரகு மாவு இரண்டு மூன்று மாதம் தாங்க, பச்சைக் கம்பு மாவு ஒன்றிரண்டு வாரத்திலேயே கசந்துவிடுகிறது. மழைக்கால ஈரம் இதை இன்னும் விரைவாக்கும்.

ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்தால் உண்மை தெரியும். பழைய எண்ணெய் வாடையும் தொண்டையில் கசப்பும் இருந்தால் மாவு கெட்டுவிட்டது. களியாகக் கிண்டினாலும் அந்தக் கசப்பு போகாது.

கம்பைத் தானியமாகவே வாங்கி வைத்து, வாரத்திற்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது. அரைக்குமுன் மணம் வரும்வரை வறுத்தால் நொதியின் வேகம் குறையும். மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே நீர் கோத்துக் கட்டி விழும், பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் பரப்பி, நன்கு ஆறிய பிறகே மூட வேண்டும்.

கடைப் பொட்டலத்தில் கம்பு மாவு ஆறு மாதம் தாங்கும் என்று போட்டிருந்தால், தானியத்தைச் சூடுபடுத்தினார்களா, முளையை நீக்கினார்களா என்று பார்க்க வேண்டும். முளையை நீக்கினால் மாவு நாள்படத் தாங்கும். சத்தில் ஒரு பங்கு போய்விடும். அதில் குறித்த காலமும் பிரிக்காத பொட்டலத்திற்கே பொருந்தும்.

சத்துமாவு வாங்குவோர் முன்பக்கப் படத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். எடை அதிகமான பொருள் முதலில் வரவேண்டும் என்பது சட்டம். 'கேழ்வரகு சத்துமாவு' என்ற பெயரின்கீழ் கோதுமை, சர்க்கரை, கேழ்வரகு என்று வரிசை இருந்தால், அதில் கேழ்வரகைவிடச் சர்க்கரை குறைவில்லை என்று பொருள். 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 25 கிராம் என்றிருந்தால், 30 கிராம் மாவில் காய்ச்சும் கஞ்சியில் ஏழரை கிராம் சர்க்கரை சேரும். அது ஒன்றரைத் தேக்கரண்டி. அதன்மேல் வீட்டிலும் சர்க்கரை போடுவது குழந்தைக்கு வேண்டாத வேலை.

முந்திரி, பாதாம், நிலக்கடலை சேர்ந்த மாவும் கொழுப்பு மிகுந்ததே. மலிவு என்று இரண்டு கிலோ வாங்குவதைவிட, ஒரு மாதத்தில் தீரும் சிறு பொட்டலமே லாபம்.