சும்மா இருக்க முடியாத நாய்

எங்கள் ஒழுங்கையில் இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று எங்கள் வீட்டு அல்சேஷன். மற்றது பக்கத்து வளவு மாமியின் பொமேரியன். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான், நாய்களை நான் எவ்வளவு பிழையாக விளங்கி வைத்திருந்தேன் என்பது தெரிந்தது.

2011ஆம் ஆண்டு நாங்கள் மீள்குடியேறியபோது வீட்டில் நானும் மகளும் என் தாயாரும் மட்டுமே. இரவில் படலை அசைந்தாலே நெஞ்சு பதறும். பிறகு 2016இல் தம்பி ஓர் அல்சேஷன் குட்டியைக் கொண்டு வந்து, "அக்கா, இனி ஒருவரும் வளவுக்குள்ளே வரமாட்டினம்" என்று சொல்லி விட்டுப் போனான். டைகர் என்று பெயர் வைத்தோம்.

எட்டாம் மாதத்தில் தொல்லை தொடங்கியது. வேலியோரமாக மேலும் கீழும் ஓடி மண்ணில் ஒரு தடமே போட்டுவிட்டான். சைக்கிள் போனால் கூடவே ஓடுவான். ஒருநாள் மகளும் அவளது சிநேகிதியும் முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். டைகர் அவர்களைச் சுற்றி ஓடி, சிநேகிதியின் குதிக்காலைக் கவ்வினான். தோல் இலேசாகக் கிழிந்தது. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இதைச் செய்யவே வேண்டும்.

"பொல்லாத நாய், கட்டிப் போடு" என்றார்கள். அடித்தேன், சங்கிலியில் கட்டினேன். நிலைமை இன்னும் மோசமாகியது. கட்டிய மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிள்ளைகளைக் கண்டால் இப்போது உறுமவும் தொடங்கினான். பிள்ளைகள் ஓடும்போதெல்லாம் அடி விழுந்ததால், பிள்ளை என்றால் வலி என்று அவன் பழகிவிட்டான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

என்னுடன் படித்த தோழி ஒருத்தி கண்ணிவெடி தேடும் நாய்களைக் கையாளும் வேலை செய்தவள். வீட்டுக்கு வந்தவள் வேலியோரத் தடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவன் வேலை செய்யிறான். நீ அதைக் குழப்படி எண்டு நினைக்கிறாய்" என்றாள்.

அவள் சொன்ன விளக்கம் இதுதான். நாயின் மூதாதையான ஓநாய் வேட்டையாடும்போது ஓர் ஒழுங்கு உண்டு. இரையைத் தேடும், கண் வைக்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். மனிதர் தமது தேவைக்கேற்ற நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து இனம் பெருக்கியபோது, இந்தப் படிகளில் சில வலுத்தன, சில மங்கின. இப்படி வலுத்த உள்ளுந்துதல் பசியைப் போன்றது. அடித்தால் அடங்குவது போலத் தெரியும், ஆனால் போகாது.

அல்சேஷனின் சொந்த நாடு ஜேர்மனி. அங்கே வேலியில்லாத பயிர் நிலங்களுக்கு நடுவில் செம்மறிகளை மேய்த்தார்கள். பயிரின் எல்லையில் நாள் முழுவதும் மேலும் கீழும் ஓடி, உயிருள்ள வேலியாக நிற்பதே நாயின் வேலை. எல்லை தாண்டும் ஆட்டை இலேசாகக் கவ்வித் திருப்பும். இத்தகைய மேய்ப்பு நாய்களிலிருந்துதான் 1899ஆம் ஆண்டு மக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்பவர் இந்த இனத்தை முறையாக வளர்க்கத் தொடங்கினார். எங்கள் வேலியோரத் தடமும், ஓடிய பிள்ளையின் குதிக்காலும் இப்போது உங்களுக்கும் விளங்கும். ஆடு இல்லாத வீட்டில் அவன் ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

மாமியின் பொமேரியன் வேறு வழி வந்தது. அதன் மூதாதையர் பெரிய, குளிர்நாட்டு நாய்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விக்டோரியா மகாராணியும் விரும்பி வளர்த்த பிறகு, சிறிய உருவத்துக்காகவும் வீட்டுத் துணைக்காகவும் தெரிந்து பெருக்கப்பட்டது. பிள்ளைகள் ஓடினால் அது பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். ஆனால் மாமி கூலி வேலைக்குப் போனால், தொண்டை கட்டும் வரை குரைக்கும். முன்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கி வைத்திருந்தது. துணை நாய்க்கு உந்துதல் இல்லை என்று எண்ணக்கூடாது. அதன் உந்துதல் மனிதரோடு இருப்பது. டைகருக்கு வேலை இல்லாதது எப்படியோ, அதற்கு ஆள் இல்லாதது அப்படி.

"எங்கடை நாய்கள் சம்பளத்துக்கே வேலை செய்யுதுகள்? ஒரு இறப்பர் பந்துக்காகச் செய்யுதுகள்" என்றாள் தோழி. வெடிமருந்தின் மணத்தைக் கண்டால் நாய் மண்ணைக் கிண்டாமல் அந்த இடத்தில் இருந்துவிட வேண்டும். சரியாக இருந்தால் பந்து கிடைக்கும். பந்தைத் துரத்திக் கவ்வும் ஆசைதான் அதன் கூலி. அந்த ஆசையை அழிக்காமல், அதற்கு ஒரு வாசல் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

நாங்களும் அதையே செய்தோம். வெயில் ஏறுமுன் அரை மணித்தியாலம் கயிற்றில் நடை. பிறகு அவனது காலைச் சாப்பாட்டில் ஒரு பங்கைச் சிறு துண்டுகளாக்கி, சிரட்டைகளுக்குக் கீழே வளவு முழுவதும் ஒளித்து வைத்தேன். பத்து நிமிடம் மோந்து தேடியதும் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்துவிடுவான். அரை மணித்தியால ஓட்டம் தராத களைப்பை மூக்கு வேலை தந்தது. மாலையில் பழைய கயிறொன்றை இழுத்து விளையாடுவோம். "விடு" என்றதும் விட்டால் உடனே திரும்ப அவனுக்கே கிடைக்கும். அதனால் விடுவதற்கு அவன் பயப்படவில்லை.

பிள்ளைகள் விடயத்தில் அவசரப்படவில்லை. அவனைக் கயிற்றில் பிடித்தபடி, மகளை இருபது அடிக்கு அப்பால் மெதுவாக நடக்க விட்டேன். அவளைப் பார்த்துவிட்டு அவன் என் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு இறைச்சி. சில நாட்களுக்குப் பிறகு கொஞ்சம் கிட்ட, பிறகு கொஞ்சம் வேகமாக. கவனிக்க வேண்டிய நேரம் ஓடிய பின்னர் அல்ல, அதற்கு முன்னர்தான். காது முன்னே நிமிரும், வாய் மூடும், உடம்பு தாழும், கண் அசையாது. அந்தக் கணத்தில் கூப்பிட்டால் கேட்பான். துரத்தத் தொடங்கிவிட்டால் காது கேளாதவன் போலத்தான். பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் சொன்னோம்: அவன் ஓடிவந்தால் கையைக் கட்டிக்கொண்டு மரம் போல நில். ஓடாத ஆட்டைத் திருப்ப வேண்டியதில்லை.

ஏறத்தாழ ஆறு கிழமையில் வேலித் தடத்தில் புல் முளைத்தது. உறுமலும் குறைந்தது. ஆனால் உந்துதல் போய்விடவில்லை. அவன் இருந்த வரை கோழிகளுக்குத் தனிக் கூடு வைத்திருந்தோம். ஓடி விளையாடும் பிள்ளைகளோடு அவனைத் தனியே விட்டதும் இல்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. வாலை உள்ளே சுருட்டி, காதைப் பின்னால் மடித்து, ஒதுங்கியபடி உறுமும் நாய் பயத்தில் உறுமுகிறது. அதற்கு வேலை கொடுத்துப் பயனில்லை. கிட்டப் போகாமல் வழி விட்டு, மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இப்போதும் தனித்து வாழும் சகோதரிகள் பாதுகாப்புக்கு அல்சேஷன் குட்டி கேட்டு என்னிடம் வருவார்கள். நான் முதலில் கேட்பது, "காலையிலும் மாலையிலும் அதுக்கு ஒரு மணித்தியாலம் உங்களிட்டை இருக்கோ?" என்றுதான். இல்லையென்றால் வேண்டாம். நாள் முழுவதும் வீடு பூட்டிக் கிடக்குமென்றால் பொமேரியனும் வேண்டாம். ஆள் வருவதை அறிவிக்கக் குரைப்பு போதும். அதற்கு எங்கள் ஊர் நாயே போதும். ஒரே வேலைக்கென்று மனிதர் தெரிந்து பெருக்காத நாய் என்பதால், பொதுவாக அதற்கு நிழலில் படுக்கவும் தெரியும், படலைச் சத்தத்துக்கு எழும்பவும் தெரியும்.

மாமி இப்போது வேலைக்குப் போகும்போது பொமேரியனை என் தாயாரிடம் விட்டுச் செல்கிறார். அது அம்மாவின் காலடியில் படுத்திருக்கிறது. காலில் இருந்த புண்ணும் ஆறிவிட்டது.