சவர்க்காரத்தின் மணம் ஏன் மறைகிறது?



வீட்டிலேயே சவர்க்காரம் செய்யும் வழக்கம் அண்மைக் காலத்தில் நம் மலையகத் தோட்டங்களிலும் பரவி வருகின்றது. அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் இளஞ்சூட்டிற் கலந்து, அச்சில் ஊற்றி, சில வாரங்கள் உலரவிடும் முறையைக் குளிர்முறை என்பர். இம்முறையிற் செய்தவர் பலருக்கு ஒரே குறை உண்டு. அச்சில் ஊற்றிய அன்று அறை முழுவதும் கமழ்ந்த வாசனை, ஆறு வாரம் கழித்துக் கட்டியைக் கையில் எடுக்கும்போது காணப்படுவதில்லை. சிறு போத்தல் வாசனைத் தைலத்துக்குக் கொடுத்த பணம் எண்ணெய், சோடா இரண்டினுக்கும் கொடுத்த பணத்தை விஞ்சியிருக்கவும் கூடும். விற்பதற்கென்று செய்தவராயின், வாங்கியவர் முகத்தையும் பார்க்க வேண்டும். அவ்வாசனை எங்கே போயிற்று, அதனை எவ்வளவு தடுக்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒரு பொருள் மணக்கின்றது என்றால், அதிலிருந்து நுண்ணிய பகுதி பிரிந்து காற்றிற் கலந்து நம் மூக்கை வந்து அடைந்தது என்பதே பொருள். நாம் முகர்ந்த மணம் கட்டியை விட்டுப் போய்விட்ட மணம். ஆதலின் மணக்கும் பொருள் யாவும் குறைந்துகொண்டே போகும் பொருள்களே. விரைவாகக் குறைகின்றதா, மெதுவாகக் குறைகின்றதா என்பதில் மட்டுமே தைலத்துக்குத் தைலம் வேற்றுமை உண்டு.

தேசிக்காய்த் தோலின் தைலத்திற் பெரும்பகுதியாக இருப்பது லிமோனீன் என்னும் பொருள். அது 176 பாகை செல்சியசிற் கொதிக்கும். யூக்கலிப்டஸ் தைலத்தின் முதன்மைப் பொருளான சினியோலும் ஏறக்குறைய அதே வெப்பநிலையிற் கொதிப்பது. சிற்றனெல்லாத் தைலத்தில் உள்ள ஜெரானியோல் 230 பாகையிலும், கறுவா இலைத் தைலத்தில் மிகுந்துள்ள யூஜினோல் 254 பாகையிலும் கொதிக்கின்றன. சவர்க்காரம் எங்கும் இத்துணைச் சூடாவதில்லையே என்று கேட்கலாம். கொடியில் உலர்த்திய துணியின் நீரும் கொதித்தா உலர்கின்றது? கொதிநிலை குறைந்த பொருள் சாதாரணக் காற்றிலும் விரைந்து ஆவியாகும். உயர்ந்தது தங்கி நிற்கும். முதல் நாள் மூக்கைத் துளைக்கும் தேசிக்காய் மணமும் யூக்கலிப்டஸ் மணமும் முதலில் விடைபெறுவதற்கு இதுவே காரணம்.

இஃது ஒரு காரணம். மற்றொன்று காஸ்டிக் சோடாவின் செயல். எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றும் அந்தக் கடுங்காரம் வாசனைத் தைலத்தை மட்டும் விட்டுவைப்பதில்லை. லவெண்டர்த் தைலத்தின் இனிமைக்குப் பெரிதும் காரணமான லினலில் அசற்றேற்று என்னும் பொருள், கொழுப்பைப் போலவே ஓர் எஸ்டர் ஆகும். கொழுப்பைப் பிளக்கும் சோடா அதனையும் ஓரளவு பிளந்துவிடுகின்றது. சிற்றனெல்லாவின் கூர்மையான மணத்துக்குரிய சிற்றனெல்லால் காரத்தில் ஒன்றோடொன்று இணைந்து வேறு பொருளாகின்றது. யூஜினோல் காரத்துடன் சேர்ந்து உப்பாகின்றது. உப்பான பகுதி ஆவியாகாது, ஆகவே மணப்பதுமில்லை. ஜெரானியோல் போன்றவை மட்டும் இக்காரத்தைப் பெரும்பாலும் தாங்கி நிற்கின்றன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். கலவை கெட்டியாகி, கரண்டியால் ஒழுக்கினால் மேலே கோடு நிற்கும் பதத்தில் வாசனைத் தைலத்தைச் சேர்ப்பதே முறை. அப்போது சோடா தன் வேலையை முடித்துவிட்டது, எனவே தைலத்துக்குத் தீங்கில்லை என்று பலர் கருதுகின்றனர். குளிர்முறையில் அவ்வாறன்று. அந்தப் பதம் எண்ணெயும் நீரும் பிரியாமல் ஒன்றாகக் கலந்தமைக்கு அடையாளமேயன்றி, சோடா தீர்ந்தமைக்கு அடையாளமன்று. சோடாவின் பெரும்பகுதி அப்போதும் எஞ்சியே நிற்கும். அடுத்த ஒன்று இரண்டு நாள்களுக்குள்தான் அது எண்ணெயுடன் சேர்ந்து அநேகமாகத் தீர்கின்றது. அவ்வேளையிற் பிறக்கும் வெப்பத்தாற் கட்டியின் நடுப்பகுதி 70 பாகையையும் எட்டக்கூடும். ஆகவே முதல் இரண்டு நாளில் மணத்தைக் குறைப்பன சோடாவும் சூடும். பின்வரும் வாரங்களில் குறைப்பது காற்று.

கடையில் வாங்கும் சவர்க்காரம் மாதக்கணக்கில் மணப்பதன் இரகசியமும் இதில் அடங்கியுள்ளது. தொழிற்சாலையில் முதலிற் சவர்க்காரத்தை முழுமையாக ஆக்கி, உலர்த்தி, சிறு துணுக்குகளாக்குவர். அதன் பின்னரே வாசனையைச் சேர்த்து, உருளைகளுக்கிடையில் அரைத்து அழுத்திக் கட்டியாக்குவர். அந்த வாசனை கடுங்காரத்தைச் சந்திப்பதே இல்லை. காரத்தைத் தாங்கவல்ல செயற்கை மணப்பொருள்களையும் அவர்கள் தேர்ந்து சேர்ப்பர். அந்த அளவுகோலை வீட்டுச் சவர்க்காரத்துக்கு வைத்தல் நியாயமன்று.

இனி, டயகமவில் ஓர் இல்லத்தரசி ஒரு முறை சவர்க்காரம் செய்வதாக வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். தேங்காயெண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 400 கிராம். இவற்றுக்குக் காஸ்டிக் சோடா 155 கிராம், நீர் 310 கிராம். எண்ணெயிற் சிறிது மாறாமல் எஞ்சித் தோலுக்கு மென்மை தரும் வண்ணம் இக்கணக்கு அமைந்துள்ளது. எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுத்தல் வேண்டும்; கோப்பைக் கணக்கு உதவாது. சோடாவை நீரிற் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, சோடாவின் மேல் நீரை ஊற்றலாகாது. அது கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் வேண்டும். குழந்தைகள் அருகில் இருத்தலாகாது. நம் வீடுகளில் மிகுதியாயுள்ள அலுமினியப் பாத்திரத்தை இதற்கு எடுக்கவே கூடாது. சோடா அலுமினியத்தை அரித்து, தீப்பற்றும் வாயுவை எழுப்பும். எவர்சில்வர்ப் பாத்திரமே தக்கது.

டயகம ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்துக் குளிர்ப் பிரதேசம். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும் இயல்பினது. இங்கே காலையிற் போத்தலில் அது வெண்ணெய்போல் இறுகியிருப்பதை யாவரும் கண்டிருப்பர். ஆகவே எண்ணெயையும் சோடாக் கரைசலையும் ஏறக்குறைய 40 பாகையில் வைத்துக் கலத்தல் வேண்டும். ஆறிய கலவையில் எண்ணெய் உறைந்து கெட்டியாவதைக் கண்டு, பதம் வந்துவிட்டது என்று மயங்குதல் எளிது. சற்றே சூடு காட்டினால் அது மீண்டும் இளகி எண்ணெய் மிதக்குமாயின், அது போலிப் பதம் என்று அறியலாம்.

உண்மைப் பதம் வந்ததும் கலவையை மூன்று சம பங்காக்குவோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைக் கிலோ. ஐந்து கட்டிக்குப் போதும். முதற் பங்கிற் தேசிக்காய்த் தைலம் 10 கிராம். இரண்டாவதிற் சிற்றனெல்லா 10 கிராம். மூன்றாவதிற் சிற்றனெல்லா 8 கிராமும் கறுவா இலைத் தைலம் ஒன்றரைக் கிராமும். கறுவாத் தைலத்தை இதற்கு மேல் சேர்த்தலாகாது. அது தோலை எரிக்கவல்லது. அன்றியும் கலவையைக் கண்ணெதிரே இறுக்கிவிடும். ஆகவே மூன்றாம் பங்கை இறுதியிற் கலந்து, உடனே அச்சில் ஊற்றிவிட வேண்டும்.

ஆறு வாரம் சென்றபின் என்ன காண்போம்? ஏறக்குறைய 100 கிராம் இருந்த கட்டி 88 கிராம் அளவுக்கு இறங்கியிருக்கும். குறைந்தது பெரும்பாலும் நீரே. ஒரு கட்டியில் இட்ட தைலமே இரண்டு கிராந்தான். ஆதலின் நிறையைக் கொண்டு மணத்தை அளக்க முடியாது. தேசிக்காய்க் கட்டியில் மணம் ஏறக்குறைய அற்றிருக்கும். சிற்றனெல்லாக் கட்டியில் முதல் நாளின் கூர்மை மறைந்து, புல்லும் ரோசாவும் கலந்தாற்போன்ற ஒரு மெல்லிய மணம் நிற்கும். அது ஜெரானியோலின் மணம். மூன்றாவது கட்டி பழுப்பேறியிருக்கும். ஆனால் கராம்பை நினைவூட்டும் ஆழ்ந்த மணம் அதன் அடியில் நிலைத்திருக்கும். பழுப்பு நிறம் கெட்டுப்போனதன் அறிகுறியன்று; யூஜினோலின் இயல்பு அது.

மணம் போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் ஒரு சோதனை செய்தல் வேண்டும். கட்டியைக் கத்தியால் நடுவே வெட்டி, வெட்டிய முகத்தை முகர்க. பின்னர் நீரில் நனைத்து நுரையை முகர்க. உலர்ந்த மேற்பரப்பே முதலில் மணம் இழப்பது. உள்ளே இருப்பது அடைபட்டுக் கிடக்கும். வெட்டிய முகமும் நுரையும் மணந்தால், இழப்பு மேற்பரப்பளவே என்று அமைதி கொள்ளலாம். உள்ளும் மணக்கவில்லையாயின் தைலமே நிலையற்றது. இச்சோதனையைச் செய்தவரே முகர்ந்து பார்த்தல் போதாது. ஆறு வாரம் அதே அறையில் வாழ்ந்தவர் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிப்போயிருக்கும். அயல் வீட்டார் ஒருவரை முகரச் செய்க.

தைலம் வாங்கும்போதும் ஒரு குறிப்பு உதவும். சிற்றனெல்லாவில் இலங்கை வகை, ஜாவா வகை என இரண்டு உண்டு. அம்பாந்தோட்டை, மாத்தறைப் பகுதிகளில் விளைந்த புல்லின் தைலத்தைக் கப்பலேற்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகச் சவர்க்காரங்களுக்கு மணமூட்டியது நம் நாடு. எனினும் இலங்கை வகையில் விரைந்து பறக்கும் இலேசான பொருள்கள் மிகுதி. ஜாவா வகையில் ஜெரானியோலும் சிற்றனெல்லாலும் மிகுதி. மணம் நிலைத்தல் கருதுவோர்க்கு ஜாவா வகையே ஏற்றது. வெட்டிவேர்த் தைலம் கிடைக்குமாயின் அதிற் சிறிது சேர்ப்பதும் நன்று. அது மிக மெதுவாக ஆவியாவது.

மணத்தைக் காப்பதற்குச் செய்யத்தக்கவை வேறு இரண்டே. கலவையைப் பெரிய பெட்டியில் ஊற்றிக் கம்பளியாற் போர்த்தாமல், சிறு அச்சுகளில் ஊற்றித் திறந்து வைத்தால் உள்வெப்பம் ஏறாது. இதற்கு நம் மலைக்குளிரே துணை. அடுத்து, ஈரம் வற்றிய பின்னரே ஒவ்வொரு கட்டியையும் மெழுகுத்தாளிற் சுற்றி மூடிய பெட்டியில் வைத்தல். ஈரத்தோடு மூடினால் வியர்த்து நைந்துபோகும். மழை மாதங்களில் நீர் வற்ற ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். உலரும் காலத்தில் லயன் அறையின் அடுப்புக்கு அருகில் வைத்தலும் ஆகாது. சவர்க்காரத்திலுள்ள கொழுப்பு விறகுப் புகையின் நாற்றத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

தைலத்தை இரட்டிப்பாக ஊற்றினால் மணம் இரட்டிப்பாக நிற்கும் என்பது பொய்க்கணக்கு. பறக்கும் தைலம் இரட்டிப்பானாலும் பறந்தே போகும். தோலுக்குத்தான் எரிச்சல் மிஞ்சும். ஆயிரம் கிராம் எண்ணெய்க்கு 30 கிராம் என்ற எல்லைக்குள் நின்று, தைலத்தின் அளவைக் கூட்டாமல் இனத்தை மாற்றுவதே வழி. விற்பனைக்குச் செய்வோர் முதல் நாள் மணத்தை நம்பி விலை பேசாமல், ஆறாம் வாரத்து நுரையை முகர்ந்த பின்னர் விலை பேசுவாராக.