அனுப்பாத கடிதமும் அலட்டிக்கொள்ளாத நகரமும்

யூடியூபிலும் குறும்பட விழாக்களிலும் ஒரு வகைப் படம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. திரையில் கதையென்று எதுவும் நடக்காது. ஒருவர் கடை ஷட்டரைத் தூக்குகிறார், மொட்டைமாடிக் கொடியில் துணி காய்கிறது, பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் நிற்கிறார்கள். இவற்றின் மேல் ஒரு குரல் கடிதம் படிக்கிறது. எழுதியவர் நடுவயதுக்காரர். எழுதியிருப்பது, 20 வயதில் இருந்த தனக்கே.

எடுக்கச் செலவில்லாத படம் இது. ஒரு செல்போனும் டிரைபாடும் போதும். ஆனாலும் பல படங்கள் இரண்டாவது நிமிடத்திலேயே அலுத்துவிடுகின்றன. கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. குரலும் படமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதுதான் சிக்கல்.

இந்தப் பாணிக்கு முன்னோடி என்று ஒரு படத்தைச் சொல்லலாம். பிரஸ்ஸல்ஸில் பிறந்த இயக்குநர் ஷாந்தால் ஆக்கர்மான் 1971இல், 21 வயதில் நியூயார்க் போனார். கையில் காசில்லை, கிடைத்த வேலையைப் பார்த்தார். ஊரிலிருந்து அம்மா விடாமல் கடிதம் போட்டார்: யாருக்கு உடம்பு சரியில்லை, வியாபாரம் எப்படிப் போகிறது, நீ ஏன் பதில் போடுவதில்லை. சில ஆண்டுகளில் ஊர் திரும்பிய ஆக்கர்மான், 1976இல் ஒளிப்பதிவாளர் பாபெத் மங்கோல்ட்டுடன் மறுபடி நியூயார்க் போய் ‘நியூஸ் ஃப்ரம் ஹோம்’ படத்தை எடுத்தார். வெறிச்சோடிய தெருக்கள், சுரங்க ரயில் பெட்டிகள், பிளாட்பாரங்கள். இவற்றின் மேல் அம்மாவின் கடிதங்களைத் தானே படித்தார்.

எழுதியது அம்மாதான். ஆனால் கடிதங்கள் பேசுவது 21 வயதுப் பெண்ணிடம். படிப்பவரோ அந்த வயதைத் தாண்டி வந்துவிட்டவர். அம்மாவின் முகத்தையோ பிரஸ்ஸல்ஸ் வீட்டையோ படம் காட்டுவதே இல்லை. ரயில் இரைச்சலும் வண்டிச் சத்தமும் பல இடங்களில் குரலை விழுங்கிவிடுகின்றன, அப்படியே விட்டிருக்கிறார். கடிதத்தில் இருப்பது அந்த நகரத்துக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை. படத்தின் வலு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். திருநெல்வேலியிலிருந்து 22 வயதில் சென்னைக்கு வேலைக்கு வந்து, திருவல்லிக்கேணியில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிய ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவருக்கு 40. அன்றைய தனக்குக் கடிதம் எழுதி, ஐந்து நிமிடப் படம் எடுக்கப்போகிறார்.

முதலில் கடிதம். கை தானாக எழுதும் வரி, “கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்” என்பதுதான். இது யாருக்கும் பொருந்தும் என்பதால் ஒருவருக்கும் ஒட்டாது. கடிதம் சேரப்போவதில்லை என்று தெரிந்தபின் அறிவுரைக்கும் வேலையில்லை. பெரியவளுக்குத் தெரிந்து சின்னவளுக்குத் தெரியாத ஒரு விஷயம்தான் இப்படிப்பட்ட கடிதத்தை நகர்த்தும். இப்படி: “சம்பளம் வந்துவிட்டது என்று அப்பாவிடம் போனில் சொன்னாய். அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸுக்குக் கொடுக்கவே உன்னிடம் பணமில்லை. அவர் நம்பிவிட்டார் என்று நினைத்தாய். நம்பவில்லை. உன் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் அதை என்னிடம் சொன்னார்.” இதில் புத்திமதி ஒரு சொல்கூட இல்லை. ‘உன்’, ‘என்’ இரண்டும் ஒரே ஆள் என்பது மட்டும் கேட்பவருக்கு உறைக்கிறது.

நீளத்தைச் சத்தமாகப் படித்துத்தான் அளக்க வேண்டும். நிதானமாகப் படித்தால் தமிழில் நிமிடத்துக்குச் சுமார் 80 சொல் போகும். ஐந்து நிமிடப் படத்தில் குரல் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆகக் கடிதம் 240 சொல். மீதி இரண்டு நிமிடம் நகரத்துக்கு.

அடுத்தது படம். அப்பாவிடம் பொய் சொன்ன வரிக்குப் பழைய டெலிபோன் பூத்தைத் தேடிப் போக வேண்டாம். போன் என்னும்போது போனையும், மெஸ் என்னும்போது இலையையும் காட்டினால், காதுக்கு வந்ததே கண்ணுக்கும் வருகிறது. அதற்குப் பதில் ஹாஸ்டல் தெருமுனையில் நிற்கும் இஸ்திரி வண்டியை எடுக்கலாம். அவர் சட்டையில் தண்ணீர் தெளிக்கிறார், காலரை முதலில் தேய்க்கிறார், கையை உள்ளே மடக்குகிறார், அடுக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுக்கிறார். ஒரு சட்டைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஷாட் ஓடட்டும். அப்பாவைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆனால் பார்ப்பவர் தன் மனதில் ஏதோ ஒன்றைக் கோத்துக்கொள்வார். முகம் தெரியும்படி எடுப்பதானால் அவரிடம் கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. ரயில் நிலையத்துக்குள் கேமரா வைப்பதற்கு ரயில்வே அனுமதி வேண்டும்.

இப்படி 20 முதல் 25 விநாடி வரை ஓடும் ஷாட்கள் 13 இருந்தால் ஐந்து நிமிடம் நிறைந்துவிடும். எடுக்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு நிமிடமாவது ஓடவிடுவது நல்லது. கேமராவைத் திருப்புவதும் ஜூம் செய்வதும் வேண்டாம். போகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லாரி குறுக்கே போனாலே படம் இருண்டு வெளுக்கும். டியூப்லைட்டும் எல்.இ.டி.யும் உள்ள கடைகளில் திரையில் பட்டை பட்டையாக மினுங்கும் கோளாறு வரும. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் அது போய்விடும்.

ஒலியில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். படம் எடுத்த ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு நிமிடம் வாய் திறக்காமல் ஆம்பியன்ஸ் மட்டும் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். குரலை வீட்டிலேயே பதியலாம். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் உட்கார்ந்தால் எதிரொலி அடங்கும். மைக் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்று ஒதுங்கி இருந்தால் ‘ப’ வரும் இடத்தில் காற்று அடிக்காது. நடிக்கத் தேவையில்லை. மூன்றாவது முறை படிக்கும்போது குரலில் உருக்கம் கூடிவிடும். பெரும்பாலும் முதல் பதிவே நன்றாக இருக்கும்.

எடிட்டிங்கில் முதலில் குரலை வைத்து, பத்திகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து விநாடி இடம் விட வேண்டும். அந்த இடங்களில் தெருச் சத்தம் மேலே வரட்டும், குரல் தொடங்கும்போது தாழட்டும். வாக்கியம் முடிகிற இடத்திலேயே ஷாட்டும் மாறினால் படம் ஸ்லைடு ஷோ போல ஆகிவிடும். வாக்கியத்தின் நடுவே வெட்டினால் நகரம் தன் போக்கில் போவது தெரியும். பியானோ இசை வேண்டவே வேண்டாம். எங்கே அழ வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

முடித்தபின் இரண்டு சோதனை. ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் கடிதம் எதைப் பற்றியது என்று ஊகிக்க முடியக் கூடாது. கண்ணை மூடிக் கேட்டால் திரையில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்க முடியக் கூடாது. எந்த இடத்தில் ஊகிக்க முடிகிறதோ அங்கே ஷாட்டை மாற்ற வேண்டும், அல்லது வரியை அடிக்க வேண்டும். பெரும்பாலும் அடிக்க வேண்டியது வரியாகத்தான் இருக்கும்.