15 சதவீதம் இருக்கும்போதே வண்டி ஏன் நிற்கிறது?

திரையில் 15 சதவீதம் சார்ஜ் காட்டுகிறது. மேம்பாலம் ஏறும்போது மின்சார ஸ்கூட்டர் திடீரென்று நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்தி, அணைத்துவிட்டு மறுபடி இயக்கினால் சமதரையில் ஒழுங்காக ஓடுகிறது. மோட்டார் பழுது என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் வண்டியை நிறுத்துவது பேட்டரிக்குள் இருக்கும் கண்காணிப்புச் சர்க்யூட்தான். அதைத்தான் பி.எம்.எஸ். என்கிறார்கள்.

பேட்டரி என்று நாம் சொல்வது பல சிறு செல்கள் சேர்ந்த தொகுப்பு. லித்தியம் வகை செல்களை உடைய ஒரு 52 வோல்ட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அதில் பக்கம் பக்கமாக இணைத்த செல்கள் ஒரு குழு. அப்படி 14 குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு குழு முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட், ஏறக்குறைய 2.8 வோல்ட்டுக்கு இறங்கினால் காலி என்று கணக்கு. தொடரில் எல்லாக் குழுக்கள் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டம்தான் போகும். 14 குடங்களிலிருந்தும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தண்ணீர் மொள்வதுபோலத்தான் இது. ஒரு குடம் வற்றிவிட்டால் மற்ற 13-இல் எவ்வளவு இருந்தாலும் வேலை அத்துடன் நிற்கும்.

மேம்பாலத்தில் நடந்ததைக் கணக்காகப் பார்ப்போம். வண்டி நிற்கும்போது 13 குழுக்கள் 3.45 வோல்ட்டிலும், ஒன்று மட்டும் 3.25 வோல்ட்டிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கிறது. எந்தச் செல்லிலும் கொஞ்சம் உள்தடை உண்டு. மின்னோட்டம் கூடக்கூட வோல்ட் இறங்கும். நல்ல குழுக்கள் 0.2 வோல்ட் இறங்கி 3.25-இல் நிற்கின்றன. முதிர்ந்த குழுவுக்கு உள்தடை அதிகம், அது 0.5 வோல்ட் இறங்கி 2.75-க்கு வந்துவிடுகிறது. மொத்தத்தைக் கூட்டினால் 45 வோல்ட். காலியாகும் எல்லையான 39 வோல்ட்டுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் பி.எம்.எஸ். குழுக்களைத் தனித்தனியாக அளக்கிறது. ஒன்று எல்லை தாண்டியதும் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. சில வண்டிகளில் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு துண்டிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் வோல்ட் ஏறிவிடுவதால் வண்டி மறுபடி ஓடுகிறது.

இவ்வளவு கறார் எதற்கு? மிகவும் காலியான செல்லின் உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் வேறிடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, தீ வரை போகலாம். அந்த ஆபத்து நெருங்குவதற்கு வெகு முன்பே துண்டிப்பதற்காகத்தான் எல்லையை உயரத்தில் வைக்கிறார்கள்.

குழுக்களின் சார்ஜைச் சமன் செய்வதும் பி.எம்.எஸ்.ஸின் வேலை. சார்ஜ் ஏறும்போது ஏதோ ஒரு குழு முதலில் 4.2-ஐத் தொடும். அதற்கு மேல் ஏற்ற முடியாது என்பதால், முந்திய குழுவின் மின்சாரத்தை ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாகச் சூடாக்கி வீணடித்து, பின்தங்கியவை நிறைய இடம் விடுகிறது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இந்த முறைதான். வேகம் குறைவு. 30 ஆம்பியர்-மணி குழுவில் 3 சதவீத வித்தியாசம் என்றால் 900 மில்லி ஆம்பியர்-மணி. 60 மில்லி ஆம்பியர் வீதம் கழிக்க 15 மணி நேரம் ஆகும். சார்ஜ் நிறையும் கட்டத்தில்தான் பல வண்டிகளில் இது நடக்கும். அதனால் எப்போதும் 80 சதவீதத்தில் பிளக்கை எடுப்பவரின் பேட்டரியில் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகலாம். வண்டியின் கையேடு அனுமதித்தால், அவ்வப்போது முழுதாக ஏற்றி, சார்ஜரை உடனே கழற்றாமல் விடுவது நல்லது.

சமன் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? குறைந்திருப்பது சார்ஜா, கொள்ளளவா என்பதைப் பொறுத்தது அது. 30 கொள்ள வேண்டிய குழு தேய்ந்து 24 மட்டுமே கொள்கிறது என்றால், மேலே எல்லாவற்றையும் சமமாக நிரப்பினாலும் அதுதான் முதலில் வற்றும். சர்வீஸ் மையத்தில் குழுவாரியான அளவைப் பார்க்கச் சொன்னால் இது தெரிந்துவிடும். முழு சார்ஜிலேயே அளவுகள் ஏறுக்குமாறாக இருந்தால், சமன் செய்து பார்க்கலாம். மேலே சமமாக இருந்து, இறங்கும்போது ஒன்று மட்டும் சரிந்தால், அந்தக் குழு தேய்ந்துவிட்டது. சமன் செய்து, வண்டியை ஓட்டாமல் வைத்த சில நாட்களிலேயே ஒரு குழு மட்டும் மறுபடி இறங்கினால், அதற்குள் மின்கசிவு இருக்கிறது. அந்தப் பேட்டரியில் சார்ஜ் ஏற்றாமல் உடனே பழுதுபார்க்கக் கொடுத்துவிட வேண்டும்.

அடிக்கடி நிற்கிறது என்பதற்காக வெளியே யாரிடமாவது கொடுத்து 2.8 என்ற எல்லையை இறக்கி வைப்பவர்களும் உண்டு. அதனால் கிடைப்பது ஓரிரண்டு கிலோமீட்டர்தான்; ஏற்கெனவே தேய்ந்த குழுவோ ஒவ்வொரு பயணத்திலும் தாமிரம் கரையும் எல்லையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்.