சிகரெட் காசில் எழுந்த ஹோட்டல்கள்

1975-ல் சென்னையில் ஒரு ஹோட்டலை வாங்கி, சோழா என்று பெயர் சூட்டி, ஐடிசி அந்தத் தொழிலில் இறங்கியது. சிகரெட்டில் கொட்டிய லாபம் அதன் பிறகு பல ஊர்களில் நட்சத்திர ஹோட்டல்களாக எழுந்து நின்றது. பங்குதாரர்களின் முணுமுணுப்பும் கூடவே வளர்ந்தது. சிகரெட் தொழிலுக்குப் புதிய முதலீடு அதிகம் தேவைப்படாது. ஹோட்டலுக்கோ நிலம், கட்டடம், அலங்காரம் என்று முதலிலேயே பெரும்பணம் கொட்ட வேண்டும். அது திரும்பி வர வருடக்கணக்காகும். ஐடிசியின் வருமானத்தில் ஹோட்டல்கள் தந்தது சொற்பம், விழுங்கிய மூலதனம் அதைவிடப் பல மடங்கு.

இப்படிப்பட்ட தொழிலைக் கைகழுவ இரண்டு வழிகள் உண்டு. வேறொருவருக்கு விற்றுவிடலாம். பணம் நிறுவனத்தின் கைக்கு வரும், லாபத்துக்கு வரியும் கட்ட வேண்டும். அல்லது அந்தத் தொழிலைத் தனி நிறுவனமாக்கி, அதன் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுக்கலாம். சந்தையில் இதை ‘டீமெர்ஜர்’ என்பார்கள். இதில் யாரும் யாருக்கும் பணம் தருவதில்லை. வருமான வரிச் சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடந்தால், பிரிக்கும் நேரத்தில் வரியும் இல்லை.

ஐடிசி இரண்டாவது வழியை எடுத்தது. 2023 ஜூலையில் அறிவித்தது. 2025 ஜனவரி 1-ல் பிரிவு நடைமுறைக்கு வந்தது. பத்து ஐடிசி பங்கு வைத்திருந்தவருக்கு ஐடிசி ஹோட்டல்ஸ் பங்கு ஒன்று. புதிய நிறுவனத்தில் 60 சதவீதம் இப்படிப் பங்குதாரர்களுக்குப் போனது. மீதி 40 சதவீதத்தை ஐடிசியே வைத்துக்கொண்டது. அறிவிப்பு வந்த அன்றே ஐடிசி பங்கு சுமார் 4 சதவீதம் இறங்கியதற்கு இந்த 40 ஒரு முக்கியக் காரணம். முழுசாகவே பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்பது பலருடைய ஆதங்கம். நியாயமான ஆதங்கம்தான்: ஒரு நிறுவனம் இன்னொன்றில் வைத்திருக்கும் பங்குகளைச் சந்தை எப்போதும் தள்ளுபடி விலையில்தான் கணக்குப் பண்ணும்.

ஜனவரி 6 அன்று, ஹோட்டல் இல்லாத ஐடிசிக்கு என்ன விலை என்று கண்டறியத் தேசியப் பங்குச் சந்தையில் தனி வர்த்தகம் நடந்தது. அதற்கு முன் சுமார் 482 ரூபாயாக இருந்த பங்கு 456-க்கு வந்தது. குறைந்தது 26 ரூபாய். பத்துப் பங்குக்கு 260. அதாவது ஒரு ஹோட்டல் பங்கின் மதிப்பு 260 என்று சந்தை ஊகித்தது. ஆனால் ஜனவரி 29-ல் பட்டியலிடப்பட்டபோது அது 180-ல்தான் தொடங்கியது.

எங்கே போனது மீதி? தொழிலில் கோளாறு இருந்தால்தான் விலை விழும் என்பதில்லை. குறியீட்டைப் பின்பற்றும் நிதிகள், புதிய பங்கு சென்செக்ஸிலிருந்து நீங்கும்போது அதை விற்றே ஆக வேண்டும். டிவிடெண்டுக்காக ஐடிசியை வைத்திருந்தவர்களுக்கும் ஹோட்டல் பங்கில் ஆசை இருக்காது. கேட்காமல் கைக்கு வந்த பங்கை விற்பவர்கள் அதிகம். ஆரம்ப வாரங்களின் விலையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அவசரம்.

பிரிப்பதாலேயே மதிப்பு பிறந்துவிடாது. கட்டடமும் அறைகளும் முன்பு இருந்தவையே; போதாக்குறைக்குத் தனி இயக்குநர் குழு, தனிக் கணக்கு என்று செலவு கூடும். மாறுவது, பணத்துக்கு யாரிடம் பதில் சொல்வது என்பதுதான். இனிமேல் புது ஹோட்டல் கட்ட நினைத்தால், அதன் நிர்வாகம் தன் லாபத்திலிருந்தோ கடனிலோ, தன் பங்குதாரர்களைக் கேட்டோ பணம் திரட்ட வேண்டும். சிகரெட் உண்டியல் கைக்கு எட்டாது. பிறர் கட்டிய ஹோட்டலை நிர்வகித்துக் கட்டணம் வாங்கும் வழிக்கு அது கூடுதல் முக்கியத்துவம் தருவதில் ஆச்சரியமில்லை. புகையிலை நிறுவனத்தை நேரடியாகத் தொட மாட்டோம் என்ற கொள்கையுள்ள முதலீட்டாளர்களும் ஹோட்டலை மட்டும் வாங்க முடியும். மறுபக்கம், கொரோனா காலத்தில் அறைகள் காலியாகக் கிடந்தபோது தாங்கிப்பிடித்த தாய் நிறுவனம் அடுத்த முறை அதே மாதிரி நிற்காது.

பழைய ஐடிசி பங்குதாரர்கள் ஒரு கணக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாங்கிய விலையில் 86.49 சதவீதம் ஐடிசிக்கு, 13.51 சதவீதம் ஹோட்டலுக்கு. பத்துப் பங்கை 2,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், ஹோட்டல் பங்கின் அடக்கவிலை 270 ரூபாய் 20 காசு. நாளை விற்கும்போது லாபமா நஷ்டமா என்பதை வரித்துறை இதை வைத்துத்தான் பார்க்கும்.

தாய் நிறுவனத்துக்கு உண்மையான சோதனை, மிச்சமாகும் பணத்தை அது என்ன செய்கிறது என்பதே. ஹோட்டல் பங்கு சந்தைக்கு வந்து சுமார் இரண்டே மாதத்தில், 2025 மார்ச் 31-ல், ஆதித்ய பிர்லா ரியல் எஸ்டேட்டின் காகிதத் தொழிலைச் சுமார் 3,500 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக ஐடிசி அறிவித்தது. அந்த நிறுவனத்துக்கு இது முதல் வழி: காகிதத்தை விற்றுவிட்டு வீடு கட்டும் தொழிலில் கவனம் வைக்கிறது. ஐடிசியோ ஏற்கெனவே காகிதத்தில் இருப்பதால் இது பொருத்தம் என்கிறது. ஆனால் காகித ஆலையும் மூலதனத்தை நிறைய விழுங்கும் தொழில்தான்.